டி.வி. எனும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை: எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிப்பதால் ஆறு வயதுப் பையனோடு ஈரோட்டிலிருந்து அவிநாசியில் அம்மா வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறேன். கம்பெனி கேட்டுக்கே வந்து கத்துகிறார், ராத்திரியில் போன் மேல் போன். மகளிர் ஸ்டேஷனில் எழுதி வாங்கி அனுப்பினார்கள், பத்து நாள் கூடத் தாங்கவில்லை. டைவர்ஸ் இப்போது வேண்டாம். டி.வி. ஆக்ட்டில் பாதுகாப்பு ஆணை வாங்கினால் நிஜமாகவே வராமல் இருப்பாரா? போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமா?

பதில்:

மனு போட்டதும் யாரும் கைது ஆக மாட்டார்கள். முதலில் இதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சட்டத்தில் ஏமாற்றம் தொடங்குவதே இங்கேதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனு போவது மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு என்றாலும் வழக்கின் தன்மை சிவில்தான். உங்கள் கணவர் அதில் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, எதிர்மனுதாரர். அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வந்து நிற்க வேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. வக்கீல் வைத்து நடத்தலாம். கோர்ட் ஒரு ஆணை போட்டு, அது அவருக்குத் தெரிந்து, அதற்குப் பிறகும் அதை மீறினால் அப்போதுதான் அது குற்றம். ஆகவே மனு, ஆணை, மீறல் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாகப் பாருங்கள்.

ஸ்டேஷனில் எழுதி வாங்கியது பத்து நாள்கூடத் தாங்காததற்குக் காரணம் உண்டு. அது வெறும் ஒப்புதல் கடிதம். அதை மீறினார் என்பதற்காக மட்டும் எந்தத் தண்டனையும் கிடையாது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தக் காகிதத்தையும், புகார் கொடுத்தபோது வாங்கிய சிஎஸ்ஆர் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். அடித்ததற்காக அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அங்கே காயங்களைப் பதிவு செய்யும் ஏ.ஆர். பதிவேட்டின் நகலையும் வாங்கி வையுங்கள். நடந்ததை அவரே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றால், இடைக்கால ஆணை கேட்கும்போது அதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது அரிது.

பாதுகாப்பு ஆணை என்பது சட்டத்தின் 18ஆவது பிரிவு. வன்முறை செய்யக்கூடாது, பிறர் மூலமாகவும் செய்விக்கக்கூடாது, மனைவி வேலை செய்யும் இடத்துக்குள் நுழையக்கூடாது, குழந்தையின் பள்ளிக்குள் நுழையக்கூடாது, நேரிலோ போனிலோ எழுத்திலோ எந்த வகையிலும் தொடர்பு கொள்ளக்கூடாது, வங்கிக் கணக்கையோ லாக்கரையோ சீதனத்தையோ கோர்ட் அனுமதி இல்லாமல் கையாளக்கூடாது, உங்களுக்கு அடைக்கலம் கொடுத்த அம்மா போன்றவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை விதிக்கலாம். இவற்றில் இல்லாத ஒன்று உங்கள் நிலைமைக்குத் தேவைப்பட்டால் அதையும் சேர்த்துக் கேட்க இடம் இருக்கிறது. விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. திருமணம் அப்படியே இருக்கும். இதே மனுவில் வசிப்பிட ஆணை, மாதச் செலவுத் தொகை, குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றையும் கேட்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பிரிவு வேறு, மீறினால் நடப்பதும் வேறு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மனுவை ஈரோட்டில்தான் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும், வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அவிநாசி வசதி. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் அவர் படிவம் ஒன்றில் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரித்து மனுவோடு அனுப்புவார். அந்த அறிக்கை இருந்தால் மாஜிஸ்திரேட் அதைப் பார்க்க வேண்டும். ஆனால் அது இல்லாமல் ஆணை போட முடியாது என்பது தவறு; 2022இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. அலுவலர் நல்லவராகவே இருந்தாலும் வேலைப்பளுவில் அறிக்கை தாமதமாகலாம். அதற்காகக் காத்திருக்காமல் வக்கீல் மூலம் நேராக மனு போடுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழு அலுவலகம் இருக்கும். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீலுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இனி காலக்கணக்கு. மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயற்சி என்று சட்டம் சொல்கிறது. ‘முயற்சி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நடைமுறையில் நோட்டீஸ் சார்பு ஆகவில்லை, அதாவது அவர் கையில் சேரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் பதிலுரைக்கு நேரம் கேட்கிறார், நீதிபதி மாறிவிட்டார் என்று இறுதி ஆணை ஒரு வருடத்தைத் தாண்டுவது சாதாரணம். அதனால் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது இடைக்கால ஆணைதான். பிரதான மனுவோடு அன்றே அதற்குத் தனி மனுவும், படிவம் மூன்றில் பிரமாண வாக்குமூலமும் போட வேண்டும். அந்த வாக்குமூலத்தைப் படித்து முகாந்திரம் இருப்பதாகத் தோன்றினால், கணவரைக் கேட்காமலே ஆணை போட 23ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. போடுவாரா என்பது நீதிபதியைப் பொறுத்தது. பலர் ‘நோட்டீஸ் போகட்டும், அவரையும் கேட்போம்’ என்பார்கள். இரண்டாவது, மூன்றாவது வாய்தாவில் கிடைத்தால் அதையே நல்ல வேகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்குமூலம் எப்படி எழுதப்படுகிறது என்பதில் பாதிக் காரியம் இருக்கிறது. ‘எதிர்மனுதாரர் குடித்துவிட்டு மனரீதியாகவும் உடல்ரீதியாகவும் கொடுமைப்படுத்தினார்’ என்ற வரி ஏறக்குறைய எல்லா மனுவிலும் இருக்கும். நீதிபதி அதைத் தாண்டிப் போய்விடுவார். ‘மார்ச் 4 மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது கம்பெனி வாசலில் கையைப் பிடித்து இழுத்தார், செக்யூரிட்டி விலக்கிவிட்டார், அன்றிரவு பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் இருபத்திரண்டு முறை போன் செய்தார்’ என்று எழுதினால் அது கண்ணில் நிற்கும். தேதி நினைவில்லாவிட்டால் பொங்கலுக்கு மறுநாள், பையனுக்குப் பரீட்சை நடந்த வாரம் என்று எழுதலாம். இல்லாத தேதியை ஊகித்துப் போடாதீர்கள், குறுக்கு விசாரணையில் அது ஒன்றே போதும் உங்களைப் பொய்யர் ஆக்க. கடைசியாக நடந்த சம்பவம் முதலில் வரட்டும். ஐந்து வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்லத் தடையில்லை, ஆனால் இன்று ஏன் அவசரம் என்பதைக் கடைசிச் சில வாரங்கள்தான் காட்டும். வாட்ஸ்அப் குரல் பதிவுகளை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். மின்னணு ஆவணத்தை நகலாகத் தாக்கல் செய்ய அதற்குரிய சான்றிதழ் வேண்டும். போனை மாற்றிவிட்டால் பின்னால் அதுவே சிக்கலாகும்.

அதைவிட முக்கியம் ‘கோரிக்கை’ பகுதி. மனுவில் கேட்ட வார்த்தைதான் பெரும்பாலும் ஆணையிலும் வரும். ‘எதிர்மனுதாரர் குடும்ப வன்முறை செய்யக்கூடாது’ என்று மட்டும் ஆணை வந்தால், அவர் கம்பெனி வாசலில் வந்து நிற்கும்போது நீங்கள் கூப்பிட்ட எஸ்.ஐ. அதைப் படித்துவிட்டு, ‘அடிக்கலையேம்மா, சும்மாதானே நிக்கறாரு’ என்பார். அவர் சொல்வதிலும் பிழையில்லை. காகிதத்தில் நிற்கக்கூடாது என்று இல்லையே. அதனால் இடத்தின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கேளுங்கள்: அவிநாசியில் இன்ன தெருவில் இன்ன எண்ணுள்ள வீடு, திருப்பூரில் இன்ன சாலையில் உள்ள கம்பெனி, பையன் படிக்கும் பள்ளி. ‘நுழையக்கூடாது’ என்பதோடு ‘வாசலிலோ சுற்றி நூறு மீட்டருக்குள்ளோ வந்து நிற்கக்கூடாது’ என்று சேருங்கள். சட்டத்தில் தூரம் எதுவும் சொல்லப்படவில்லை. பொருத்தமான தூரத்தைக் கேட்பது உங்கள் பாடு, கொடுப்பது நீதிபதியின் விருப்பம். போனைப் பொறுத்தவரை, அழைப்பு, எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், பிறர் போனிலிருந்து அழைப்பது, உறவினர் மூலம் சொல்லி அனுப்புவது எல்லாவற்றையும் எழுதுங்கள். மாமியார் போனிலிருந்து கூப்பிட்டுவிட்டு ‘நான் கூப்பிடவே இல்லை’ என்பது பழைய தந்திரம்.

இதில் ஒரு ஓட்டை எப்போதும் விட்டுப் போகிறது. அது பையன். தொடர்பே கூடாது என்று ஆணை வாங்கிவிட்டு, குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் விட்டால், ‘என் மகனைப் பார்க்க வந்தேன்’ என்று பள்ளி வாசலில் நிற்பார். அது பார்ப்பவர்களுக்கு நியாயமாகவும் தெரியும், தலைமையாசிரியர் பையனை அனுப்பியும் விடுவார். 21ஆவது பிரிவில் தற்காலிகப் பொறுப்பை உங்களுக்குக் கேட்டு, அவர் பார்க்கும் நாள், நேரம், இடம் என்ன என்பதையும் நீங்களே முன்மொழியுங்கள்: மாதம் இரண்டு ஞாயிறு, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, உங்கள் அம்மா வீடல்லாத ஒரு பொது இடத்தில், பையனைக் கொண்டுபோய் விடுவது உங்கள் சித்தப்பா என்பது போல. பார்க்கவே விடக்கூடாது என்று கேட்டால், குழந்தைக்கு அவரால் ஆபத்து என்று காட்ட வேண்டியிருக்கும். வழி ஒன்று குறித்துவிட்டால் பள்ளி வாசலில் நிற்க அவருக்குச் சாக்கு இருக்காது.

யார் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதிலும் கை அடக்கம் வேண்டும். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஹிரால் ஹர்சோரா தீர்ப்புக்குப் பிறகு பெண்கள்மீதும் மனு போடலாம், ஆகவே மாமியாரையும் நாத்தனாரையும் சேர்க்கத் தடையில்லை. ஆனால் வெளியூரில் இருக்கும் கொழுந்தன், அவர் மனைவி என்று பட்டியல் நீண்டால் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் சார்பு ஆக வேண்டும், அவர்களில் ஒருவர் எங்கள்மேல் வழக்கே பொருந்தாது என்று ஹைகோர்ட்டுக்குப் போவார், உங்கள் மனு அங்கே நிற்கும். செய்தவரை மட்டும் சேருங்கள். உங்கள் கேள்வியில் கணவரைத் தவிர யாரும் இல்லை.

ஆணை கிடைத்த அன்று வேலை முடிந்துவிடாது. அதன் நகலைத் தரப்பினருக்கும், அந்தக் கோர்ட் எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. அது அவிநாசி காவல் நிலையத்துக்குப் போகும். உங்கள் கம்பெனி திருப்பூரில், வேறு காவல் நிலைய எல்லையில். அங்கே யாருக்கும் ஆணை இருப்பது தெரியாது. நீங்களே ஒரு நகலை எடுத்துப் போய்க் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்குச் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். கம்பெனி எச்.ஆர்., வாசல் செக்யூரிட்டி, பள்ளி ஆகியோருக்கும் ஒன்று கொடுங்கள். காவல் நிலையம் உதவ வேண்டும் என்று ஆணையிலேயே ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது, அதையும் கோரிக்கையில் கேட்டு வையுங்கள்.

கணவருக்கு ஆணை சார்பு ஆனதா என்பதை விடாமல் பாருங்கள். எனக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் மீறல் வழக்கில் முதல் எதிர்வாதம். வீட்டு விலாசத்தில் வாங்க மறுப்பார் என்று தோன்றினால் அவர் வேலை செய்யும் இட விலாசத்தையும் மனுவில் கொடுங்கள். அங்கேயும் சார்பு செய்ய விதிகளில் இடம் உண்டு. அவர் வக்கீல் ஆஜரான அன்று கோர்ட்டில் ஆணை சொல்லப்பட்டிருந்தால் நாட்குறிப்பில் அது பதிவாகியிருக்கும், அதுவும் பயன்படும்.

இப்போது போலீஸ். பாதுகாப்பு ஆணையையோ இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறினால் 31ஆவது பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 32ஆவது பிரிவு இதைப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்கிறது. இதைப் படித்துவிட்டு, வாசலில் வந்து நின்றால் அன்றே உள்ளே போய்விடுவார் என்று நினைக்க வேண்டாம். ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது அவசியம் என்று காரணம் எழுதாமல் பிடிக்கக்கூடாது, முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ்குமார் தீர்ப்பு சொன்னது. ஒரு வருடத் தண்டனைக்கு அது நன்றாகவே பொருந்தும். அதனால் முதல் மீறலில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியது எஃப்.ஐ.ஆரும் நோட்டீஸும். அடித்தார், கத்தி காட்டினார், பையனைத் தூக்கிப் போனார் என்றால் அதற்கான தனிக் குற்றப் பிரிவுகள் சேரும், கைது நடக்கும் வாய்ப்பும் கூடும். மீண்டும் மீண்டும் மீறியதற்குப் பதிவு இருந்தாலும் கைதுக்குக் காரணம் எழுத அதிகாரிக்கு வசதி.

எனவே முதல் மீறலை, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பதிவு செய்யுங்கள். ராத்திரி ஒரு மிஸ்டு கால் என்றாலும் ஸ்கிரீன்ஷாட், தேதி, நேரம். கம்பெனி வாசலுக்கு வந்தால் சண்டைக்குப் போகாமல் உள்ளே போய் 112க்கோ 181க்கோ கூப்பிடுங்கள். அழைப்பு நேரமும் ஒரு பதிவுதான். செக்யூரிட்டியின் பெயர், சிசிடிவி இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களிலேயே பழைய காட்சி அழிந்துவிடும் என்பதால் அதைச் சேமித்து வைக்கும்படி கம்பெனிக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். பிறகு எழுத்தில் புகார். போலீஸ் ‘கோர்ட் விஷயம், கோர்ட்டிலேயே பாத்துக்கோங்க’ என்று அனுப்பினால், பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்திட்ட புகார் கொடுக்கலாம், அவர் அதை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆணை போட்ட மாஜிஸ்திரேட்டிடமே நீங்கள் நேராகவும் போகலாம். அனுபவத்தில் கோர்ட்டுக்குப் போவதுதான் சீக்கிரம் பலிக்கும். அங்கிருந்து நிலையத்துக்குக் கேள்வி போனால் புகார் நகரும். மீறல் விசாரணை முழுக் குற்ற வழக்கு, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். உங்கள் ஒருவர் சாட்சியத்தை வைத்தே முடிவுக்கு வரலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், துணை ஆவணம் இல்லாத வழக்குகள் தடுமாறுவதைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது.

முன்னே சொன்ன வித்தியாசம் இங்கே வருகிறது. 31ஆவது பிரிவில் எழுதியிருப்பது ‘பாதுகாப்பு ஆணை’ என்ற சொல் மட்டும். மாதம் எட்டாயிரம் கொடு என்ற ஆணையை மதிக்காவிட்டால் அது இந்தக் குற்றமா என்பதில் ஹைகோர்ட்டுகள் வெவ்வேறாகச் சொல்லியிருக்கின்றன. அந்தப் பணத்தை வசூலிக்க வழி வேறு: நிறைவேற்று மனு, அல்லது 20ஆவது பிரிவின்படி அவர் முதலாளி சம்பளத்திலிருந்து பிடித்து உங்களுக்குத் தரும்படி உத்தரவு. அவருக்கு மாதச் சம்பளம் இல்லை, லாரி ஓட்டுகிறார், தரகு பார்க்கிறார் என்றால் இது மெதுவாகத்தான் நகரும். இடைக்காலத் தொகை ஆணை கிடைப்பது ஒன்று, கையில் பணம் வருவது இன்னொன்று என்று கணக்குப் போடுங்கள். நகைக்கும் அப்படித்தான். அவர் வீட்டில் இருக்கும் நகைகளை எத்தனை பவுன், என்ன உருப்படி, யார் போட்டது என்று பட்டியலாக எழுதி, அடகு வைக்கவோ விற்கவோ கூடாது என்பதை 18ஆவது பிரிவுக் கோரிக்கையிலும், திருப்பித் தர வேண்டும் என்பதை 19ஆவது பிரிவிலும் கேளுங்கள். தடை பாதுகாப்பு ஆணைக்குள் வந்துவிட்டால் மீறலுக்குப் பல் இருக்கும்.

வழக்கு நடக்கும்போது கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம். அங்கே சேர்ந்து வாழுங்கள் என்று வற்புறுத்தக்கூடாது என்று விதி இருக்கிறது, ஆனாலும் ‘பையனுக்காகவாவது’ என்ற பேச்சு வரும். போக விருப்பமென்றால் போங்கள், அது உங்கள் முடிவு. ஆனால் ‘சமாதானம் ஆகிவிட்டோம்’ என்று மனுவை வாபஸ் வாங்கிவிடாதீர்கள். மனு போனால் இடைக்கால ஆணையும் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடர்பு கூடாது என்ற பகுதியை மட்டும் மாற்றச் சொல்லி, அடிக்கக்கூடாது என்ற பகுதியை வைத்துக்கொண்டு சில மாதம் பாருங்கள். 25ஆவது பிரிவின்படி பாதுகாப்பு ஆணை நீங்கள் ரத்து கேட்கும்வரை நிற்கும். சூழ்நிலை மாறினால் அதை மாற்ற இரு தரப்பும் கேட்கலாம். இன்னொன்று: ஆணை இருக்கும்போது நீங்களே அவருக்கு ‘பையனுக்குக் காய்ச்சல், வாங்க’ என்று செய்தி அனுப்பினால் ஆணை சாகாது, ஆனால் அடுத்த மீறல் புகாரில் அந்தச் செய்திதான் முதலில் படித்துக் காட்டப்படும். அவசரம் என்றால் மூன்றாம் ஆள் மூலம் சொல்லுங்கள்.

அவர் வராமல் இருப்பாரா என்பது அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சார்ந்தது. வேலை, பெயர், ஊர்க்காரர் பேச்சுக்குப் பயப்படுகிறவர் என்றால் நோட்டீஸ் வந்ததுமே அடங்கிவிடுவார். கேட்டில் வந்து கத்துகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த ரகம். இழக்க ஒன்றும் இல்லாத, குடி முற்றிய, ‘உன்னைக் கொல்லாமல் விட மாட்டேன்’ என்று ஒரே பேச்சாக இருக்கிறவரை ஒரு ஆணை தடுத்து நிறுத்தாது, சில நேரம் நோட்டீஸ் போன வாரமே மிக ஆபத்தான வாரமாகிவிடும். உங்கள் கணவர் இதில் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது பக்கம் என்று தோன்றினால் நோட்டீஸ் போகும் தேதியை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாட்களில் தனியாக பஸ் ஏறாமல், வேலை முடியும் நேரத்தை மாற்றிக்கொண்டு, தேவைப்பட்டால் மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்க இடம் கேட்டு வையுங்கள்; 181க்குக் கூப்பிட்டால் அங்கே சேர்த்து விடுவார்கள். கொலை மிரட்டலுக்குத் தனியாகப் போலீஸ் புகாரும் கொடுங்கள். டி.வி. மனு நிலுவையில் இருப்பது அதற்குத் தடையே இல்லை.

அவர் அப்பீல் போக ஆணை சார்பு ஆன தேதியிலிருந்து முப்பது நாள், செஷன்ஸ் கோர்ட்டில். அப்பீல் போட்டதாலேயே உங்கள் ஆணை நின்றுவிடாது. அந்தக் கோர்ட் தடை போட்டால்தான் நிற்கும். ‘நான் அப்பீல் போட்டுட்டேன், அந்த ஆர்டர் செல்லாது’ என்று அவர் வாசலில் வந்து சொன்னால், தடை ஆணையின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்றைய புகாரில் அந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆணை இருப்பது அவருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று.